வெள்ளை போர்டு வண்டியில் வாடகைச் சவாரி

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு விமான நிலையம் உண்டு. அங்கிருந்து ஓரிரு ஊர்களுக்கு மேல் போக முடியாது என்பதால், வெளிநாடு போகிறவர்கள் இன்றும் சென்னை மீனம்பாக்கத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். விடியற்காலை விமானத்துக்கு நள்ளிரவிலேயே கிளம்பவேண்டும். அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "நம்ம பையன் ஒருத்தன் வண்டி வெச்சிருக்கான், சொந்த போர்டுதான், டாக்ஸிய விடக் கம்மியா வருவான்." வண்டி புதிது, ஏ.சி. வேலை செய்யும், ஓட்டுகிறவர் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. பணம் கைப்பேசியில் போய்விடும். இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று பயணிக்கும் தோன்றாது, பல சமயம் ஓட்டுகிறவருக்கும் தோன்றாது.

குற்றம் பலகையின் நிறத்தில் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஒரு காரை அதன் தோற்றத்தால் அடையாளம் காண்பதில்லை, அது எதற்குப் பயன்படுகிறது என்பதால் அடையாளம் காண்கிறது. கட்டணத்துக்கோ கைம்மாறுக்கோ ஆட்களை ஏற்றிச் செல்லப் பயன்படுத்தப்படும் எந்த மோட்டார் வண்டியும் பொதுச் சேவை வாகனம் என்கிறது 2ஆம் பிரிவு. பொதுச் சேவை வாகனம் என்றால் அது போக்குவரத்து வாகனம். போக்குவரத்து வாகனம் என்றால் 66ஆம் பிரிவின்படி பர்மிட் இல்லாமல் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. நேற்றுவரை குடும்பத்தோடு திருநள்ளாறுக்குப் போய்வந்த அதே கார், இன்றிரவு மூவாயிரம் ரூபாய்க்கு மீனம்பாக்கம் கிளம்பும் அந்தக் கணத்தில் சட்டத்தின் பார்வையில் வேறொரு வண்டியாகிவிடுகிறது. ஒரே ஒரு டிரிப்தானே என்பது இங்கே பதிலாகாது. தொழிலாகச் செய்கிறாரா, எப்போதாவது செய்கிறாரா என்று அந்த வரையறை கேட்பதில்லை.

மஞ்சள் போர்டு இந்த நிலையின் வெளி அடையாளம் மட்டுமே. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 50ஆம் விதி, சொந்த வண்டிக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து என்று வகுத்திருக்கிறது. வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொள்ளும் வண்டிக்குக் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகள் எடுத்துச் சுற்றும் ஸ்கூட்டர்களைப் பார்க்கிறவர்கள் அதில் எத்தனை வெள்ளைப் பலகை, எத்தனை கறுப்புப் பலகை என்று எண்ணிப் பார்க்கலாம். இது வேறு கதை, ஆனால் இதே சட்டத்தின் கதைதான்.

மஞ்சள் பலகைக்குப் பின்னால் இருப்பவைதான் முக்கியம். டாக்ஸி ஒவ்வொரு குறிப்பிட்ட காலத்துக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று எஃப்.சி. வாங்க வேண்டும். புது வண்டிக்கு இரண்டு ஆண்டு, எட்டு ஆண்டு ஆன பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. சொந்தக் காரோ பதிவு செய்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுவரை அப்படி எவர் முன்னாலும் நிற்க வேண்டியதில்லை. புதிதாகப் பதிவாகும் டாக்ஸியில் வண்டி எங்கே போகிறது என்று காட்டும் கருவியும் ஆபத்தில் அழுத்த ஒரு பொத்தானும் இருக்க வேண்டும். வரியும் வேறு, காப்பீடும் வேறு.

புதுச்சேரியில் இந்த விஷயம் இன்னொரு மடங்கு சிக்கலாவதற்குக் காரணம் எல்லைக்கோடு. பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சிப் பகுதி ஒரே நிலமாக இருந்ததில்லை. துண்டு துண்டாக, நடுநடுவே ஆங்கிலேயர் நிலம் நுழைந்து கிடந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியபோதும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைந்தபோதும் அந்தத் துண்டுகள் அப்படியே யூனியன் பிரதேசமாயின. விளைவு, நகரத்திலிருந்து காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் மாணவர் முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி புதுச்சேரிக்குள் வருகிறார். தெற்கே கடலூர்ச் சாலையிலும் ரெட்டிச்சாவடி பக்கம் இதே கண்ணாமூச்சி. ஒரு மாநிலம் கொடுத்த பர்மிட் இன்னொரு மாநிலத்தில் செல்லவேண்டுமானால் அங்கும் மேலொப்பம் வேண்டும், அல்லது அகில இந்தியச் சுற்றுலா பர்மிட் வேண்டும் என்பது 88ஆம் பிரிவின் சாரம். முறையாக மஞ்சள் போர்டு வைத்திருக்கும் புதுச்சேரி டாக்ஸிக்காரர் அதற்கும் செலவு செய்கிறார். வெள்ளை போர்டில் போகிறவருக்கு அந்தச் செலவு இல்லை. அவரால் குறைந்த வாடகைக்கு வர முடிவதன் ரகசியத்தில் பாதி இதுதான். டாக்ஸி ஓட்டுநர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பிடிபட்டால் என்ன? 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, பர்மிட் இல்லாமல் ஓட்டியதற்கு 192ஏ பிரிவில் முதல் முறை ஆறு மாதம்வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம். 207ஆம் பிரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்திவைக்கலாம். பலருக்குத் தெரியாதது 53ஆம் பிரிவு. பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடிய வண்டியின் பதிவையே நான்கு மாதம்வரை நிறுத்திவைக்க ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு. அந்த நான்கு மாதம் சொந்த வேலைக்கும் அந்தக் காரைச் சாலையில் எடுக்க முடியாது. நோயாளியையோ அடிபட்டவரையோ அவசரத்தில் கோரிமேடு ஜிப்மருக்குக் கொண்டுபோனால் இந்தத் தண்டனைப் பிரிவு பொருந்தாது. ஆனால் ஏழு நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அந்த விலக்கு வருகிறது.

நிரூபிப்பது கடினம் என்று ஓட்டுகிறவர்கள் நம்புகிறார்கள். "சொந்தக்காரங்க, ஏர்போர்ட்ல விடப் போறேன்" என்று சொல்லிவிட்டால் போதுமாம். ஒரு காலத்தில் போதுமாயிருக்கலாம். இப்போது பணம் கைப்பேசியில் வந்த தேதியும் நேரமும் பதிவாகியிருக்கிறது. செயலியில் பிடித்த சவாரி என்றால் ஏறும் இடம், இறங்கும் இடம், தொகை எல்லாம் செய்தியாகப் பயணியின் கையிலேயே இருக்கிறது. சோதனை செய்கிறவர் ஓட்டுநரையும் பயணியையும் தனித்தனியே நிறுத்தி, மற்றவரின் பெயரையும் உறவையும் கேட்டால் பல கதைகள் அங்கேயே அவிழ்ந்துவிடும். பணம் கொடுத்த பயணிக்குப் பொய் சொல்ல எந்த ஆதாயமும் இல்லை, விமானத்துக்கு நேரமாகிறது என்பதுதான் அவர் கவலை.

இவ்வளவும் சின்ன ஆபத்து. பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. அதை ஒரு கணக்கோடு பார்த்தால்தான் புரியும், ஆகவே ஒரு விபத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 1,200 சி.சி. கார், வெள்ளை போர்டு, முழுக் காப்பீடு நடப்பில் இருக்கிறது. மூவாயிரம் ரூபாய் பேசி இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகிறது. மரக்காணத்துக்கு அருகில் ஓட்டுநர் கண் அசந்து, எதிரே வந்த இருசக்கர வண்டியில் மோதுகிறார். அதில் வந்தவர் இறந்துபோகிறார். வயது 35, மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த தச்சர், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். காரில் இருந்த பயணிகளில் ஒருவருக்குத் தொடை எலும்பு முறிகிறது. காரின் முன்பக்கம் போய்விட்டது. மூன்று பேர் இழப்பீடு கேட்கிறார்கள். மூன்றுக்கும் விடை வேறு.

முதலில் இறந்தவரின் குடும்பம். சரளா வர்மா வழக்கிலும் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு முறையில், ஆண்டு வருமானம் 1,80,000. சுயதொழில் செய்பவர், நாற்பதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு கூட்டினால் 2,52,000. நம்பியிருந்தவர்கள் நான்கு பேர், ஆகவே அவரது சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் 16. மொத்தம் 30,24,000 ரூபாய். ஈமச்செலவு, துணையை இழந்ததற்கு என்று வேறு சில தலைப்புகளில் வருவது தனி.

இதைக் கட்டவேண்டியது காப்பீட்டு நிறுவனம்தானே என்றால், ஆமாம், ஆனால் கட்டிவிட்டுத் திரும்ப வரும். தனியார் காருக்கான பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கோ கைம்மாறுக்கோ பயன்படுத்தினால் இந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதில் முதல் வரியிலேயே எழுதியிருக்கும். இது காப்பீட்டு நிறுவனத்தின் தந்திரம் அல்ல. பர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை மீறப்பட்டால் அதைத் தற்காப்பாக எடுத்துவைக்கச் சட்டமே, இன்றைய 150ஆம் பிரிவில், இடம் கொடுத்திருக்கிறது. அதேசமயம் சாலையில் போன மூன்றாம் மனிதரைத் தவிக்கவிடக் கூடாது என்பதால் நீதிமன்றங்கள் ஒரு வழி கண்டன. நிறுவனம் முதலில் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்பது அது. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கு இந்த வழியை விரிவாகப் பேசியது. பர்மிட் இல்லாத லாரி ஒன்று இருசக்கர வண்டிக்காரர் மீது மோதிய அம்ரித் பால் சிங் வழக்கில், பர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படையான மீறல் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, கொடுத்துவிட்டு வசூலிக்கும் உத்தரவை உறுதிசெய்தது. வசூலிக்கத் தனி வழக்குப் போட வேண்டியதில்லை என்பதும் 2004இல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நஞ்சப்பன் வழக்கிலேயே தீர்ந்துவிட்டது. அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டால் போதும். அதாவது மூவாயிரம் ரூபாய்ச் சவாரிக்கு, முப்பது லட்சத்துக்கு மேல் வீட்டின் மேலோ நிலத்தின் மேலோ வந்து நிற்கும்.

இரண்டாவது, காரில் இருந்த பயணி. இவர் நிலைமை இன்னும் மோசம். போக்குவரத்து வாகனத்தின் பயணிக்குக் காப்பீடு கட்டாயம் என்கிறது சட்டம். சொந்தக் காரில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. முழுக் காப்பீடு எடுத்த காரில் உடன் வருபவர்களும் பாதுகாப்புக்குள் வருவார்கள் என்று 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கு சொன்னது உண்மை. ஆனால் அது நண்பராக, உறவாக உடன் வருபவரைப் பற்றிய பேச்சு. வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் அதுவும் இல்லை. காசு கொடுத்து ஏறியவரின் வழக்கில் நிறுவனம் முழுப் பலத்தோடு எதிர்த்து நிற்கும். சில தீர்ப்பாயங்கள் கொடுத்துவிட்டு வசூலிக்கச் சொல்லும், சில நிறுவனத்தை முழுவதும் விடுவித்துவிடும். விடுவித்துவிட்டால் பயணி கையில் மிஞ்சுவது அந்த 'நம்ம பையன்' மீது ஒரு தீர்ப்பு மட்டும்தான். அவரிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி.

மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போதே காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளர் வந்து கேட்பார், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று. முதல் தகவல் அறிக்கையில் 'வாடகைக்குப் பேசி' என்ற இரண்டு சொல் விழுந்திருந்தால் அதுவும் சான்று. மீறலை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்தினுடையது என்பது ஸ்வரண் சிங் வழக்கின் இன்னொரு முடிவு. பணப் பரிமாற்றப் பதிவு அந்தப் பொறுப்பை எளிதாக்கிவிட்டது.

மூன்றாவது, காரின் சேதம். இங்கே உரிமையாளருக்குக் கொஞ்சம் கருணை உண்டு. 2008இல் நிதின் கண்டேல்வால் வழக்கில், டாக்ஸியாக ஓட்டப்பட்ட தனியார் ஸ்கார்பியோ பறிபோனபோது, திருட்டுக்கும் வாடகைக்கும் தொடர்பில்லை என்று கூறி 75 விழுக்காடு கொடுக்கச் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2010இல் அமலேந்து சாஹு வழக்கில், வாடகைக்கு விட்ட சொந்தக் கார் விபத்தில் சிக்கியபோது முழுவதுமாக மறுப்பது சரியல்ல என்று சொல்லி ஒட்டுமொத்தமாக இரண்டரை லட்சம் ரூபாய் கொடுக்கவைத்தது. ஆனால் அது உச்ச நீதிமன்றம்வரை போன பிறகு கிடைத்த கருணை. நிறுவனத்தின் முதல் கடிதம் பெரும்பாலும் 'மறுக்கப்பட்டது' என்றுதான் வரும்.

காப்பீட்டு நிறுவனம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்குக் கட்டண அட்டவணையே விடை. 2022 ஜூன் 1 முதல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நபர் கட்டணத்தில், 1,000 சி.சி.க்கு மேல் 1,500 வரை உள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். அதே காரை டாக்ஸியாக ஓட்டினால் அடிப்படைக் கட்டணம் 7,940, அதன்மேல் பயணி ஒருவருக்கு 978. நான்கு பயணிக்கு மொத்தம் 11,852. வித்தியாசம் 8,436 ரூபாய். டாக்ஸி நாள் முழுக்க, இரவிலும், அறிமுகமில்லாத சாலையிலும் ஓடுகிறது, அதனால் விபத்து வாய்ப்பு அதிகம் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. வெள்ளை போர்டில் வாடகைக்கு ஓட்டுகிறவர் டாக்ஸியின் ஆபத்தை எடுத்துக்கொண்டு, வீட்டுக் காரின் விலையைக் கட்டுகிறார். மிச்சப்படுத்திய அந்த 8,436 ரூபாய்தான் முப்பது லட்சத்துக்கான பொறுப்பாக மாறுகிறது.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே களைந்துவிடலாம். 'பேட்ஜ் இல்லாததுதான் பிரச்சினை, பேட்ஜ் எடுத்துவிட்டால் சரி' என்று சிலர் சொல்வார்கள். இலகு ரக வாகன உரிமம் இருந்தாலே 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கும், 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டன. ஆகவே சிக்கல் ஓட்டுகிறவரின் உரிமத்தில் இல்லை. வண்டியின் பர்மிட்டில் இருக்கிறது. எத்தனை பேட்ஜ் வாங்கினாலும் வெள்ளை போர்டு மஞ்சளாகாது.

இத்தனைக்கும் பிறகு ஒரு நேர்மையான கேள்வி எஞ்சுகிறது. வார இறுதியில் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குத் தன் சொந்தத் தேவைக்காக வருகிற ஒருவர், காலியாக இருக்கும் மூன்று இருக்கைகளில் வேறு மூவரை ஏற்றிக்கொண்டு பெட்ரோல் செலவை நான்காகப் பிரித்தால், அதுவும் குற்றமா? ஊரே பங்கு போட்டு டெம்போவில் ஏறிப் போகும் புதுச்சேரியில் இது விசித்திரமான யோசனை அல்ல. ஆனால் 'கட்டணத்துக்கோ கைம்மாறுக்கோ' என்ற சொற்களுக்கு நம் சட்டம் விளக்கம் தரவில்லை. செலவைப் பகிர்வதற்கும் லாபத்துக்கு ஓட்டுவதற்கும் நடுவே அது கோடு போடவில்லை. 2020 நவம்பரில் மத்திய அரசு செயலி நிறுவனங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், மாநிலம் தடுக்காதவரை சொந்தக் காரில் நகருக்குள் நாளைக்கு நான்கு, ஊர்விட்டு ஊர் வாரத்துக்கு இரண்டு பகிர்வுப் பயணங்கள் என்று ஒரு வரம்பு காட்டியது. வழிகாட்டுதல் சட்டத்தின் சொற்களை மாற்றாது. பாலிசியில் அச்சிட்ட வரியையும் மாற்றாது.

புதுச்சேரியை ஆண்ட பிரான்சே இதில் நமக்கு முன்னால் போயிருக்கிறது. 2015 ஆகஸ்டில் இயற்றிய சட்டம் ஒன்றில் அந்நாடு பகிர்வுப் பயணத்துக்கு வரையறை தந்தது. ஓட்டுகிறவர் தன் சொந்தத் தேவைக்காகப் போகும் பயணம், செலவைப் பகிர்வதற்கு மேல் பணம் வாங்காதது என்பது அதன் சாரம். அதே நாட்டில் அதே ஆண்டில், தனியார் கார்களை லாபத்துக்கு ஓடவிட்ட ஊபர் பாப் சேவை நிறுத்தப்பட்டது, 2016 ஜூனில் பாரிஸ் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு எட்டு லட்சம் யூரோ அபராதம் விதித்தது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், பயணத்தின் செலவைத் தாண்டாத பகிர்வைக் காப்பீட்டின் கண்ணில் வாடகையாகக் கொள்ளாது. இரண்டு நாட்டிலும் ஒருவர் கணக்குப் போட்டே தன் நிலையை அறிந்துகொள்ளலாம். இங்கே அப்படியில்லை. 2023இல் பெங்களூரில் பகிர்வுச் செயலிகள் சட்டவிரோதம் என்று போக்குவரத்துத் துறை சொன்னபோது எழுந்த கூச்சலுக்குக் காரணம் இந்தக் கோடின்மைதான்.

கோடு போட வேண்டியது நாடாளுமன்றமும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும்தான். 'கைம்மாறு' என்ற சொல்லுக்கு ஒரு வரி விளக்கம், தனியார் கார் பாலிசியில் செலவுப் பகிர்வுக்கு ஒரு வரி விலக்கு, இரண்டும் போதும். அதுவரை மீனம்பாக்கம் போகிறவர் காரில் ஏறுமுன் பலகையின் நிறத்தைப் பார்க்கட்டும். வண்டி வைத்திருப்பவர் சவாரி பேசுமுன் தன் பாலிசியை எடுத்து 'பயன்பாட்டு வரம்பு' பத்தியை ஒருமுறை வாசித்துவிடட்டும்.